ஒரே பாட்டில் கடல் நீருக்கு இரண்டு விடை

மூன்று ஆசிரியர்கள் பகிர்ந்து நடத்தும் பாடத்துக்கு நோட்ஸ் சேர்ப்பது என்றால் எங்கள் பக்கம் ஒரே வழக்கம்தான். மூன்று பேரின் ஸ்லைடுகளையும் அடுக்கி, திரும்பத் திரும்ப வருவதை வெட்டி, மிச்சத்தை ஒரு கோப்பாக்கி ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிடுவார்கள். தொண்டியிலிருந்து மண்டபம் வரை கடல் சார்ந்த படிப்பு படிக்கிற எல்லார் கையிலும் இப்படி ஒரு கட்டு இருக்கும். மூன்று ஸ்லைடும் சரி என்றால் அவற்றை ஒட்டிய நோட்ஸும் சரியாகத்தானே இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். உப்புத்தன்மை என்ற ஒரே ஒரு பாடப்பகுதியை ஒழுங்காகச் சேர்க்க உட்கார்ந்த பிறகு அந்த நினைப்பு நிற்கவில்லை. மூன்றும் சரியாக இருந்தும் ஒட்டுப் போட்ட இடத்தில் தப்பு பிறக்கும் என்பதை ஒரு கணக்குதான் எனக்குக் காட்டியது. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

எங்கள் பாடத்தில் உப்புத்தன்மை மூன்று இடத்தில் வரும். வேதியியல் பகுதி நடத்தும் சார் குளோரினிட்டியில், அதாவது நீரில் உள்ள குளோரினின் அளவில், தொடங்குவார். செய்முறை வகுப்பும் இறால் வளர்ப்பும் பார்க்கிற மேடம் பிப்பெட், பியூரெட், ரிஃப்ராக்டோமீட்டர் என்று கையில் பிடிக்கிற சாமான்களிலிருந்து வருவார். இயற்பியல் பகுதி நடத்தும் இன்னொரு சாருக்கு உப்புத்தன்மை என்றாலே மின்கடத்துதிறன்தான். கப்பலிலிருந்து இறக்கும் கருவி தருகிற எண், அதற்கு அலகே கிடையாது என்பார். மூவரின் ஸ்லைடிலும் "சராசரிக் கடல் நீர்: 35" என்று ஒரு வரி உண்டு. அந்த 35க்குப் பக்கத்தில் ஒருவர் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற குறி போட்டிருக்கிறார், ஒருவர் பி.எஸ்.யு., அதாவது செயல்முறை உப்புத்தன்மை அலகு, என்று எழுதியிருக்கிறார், ஒருவர் வெறுமனே விட்டுவிட்டு அடுத்த ஸ்லைடில் 35.165 கிராம்/கிலோ என்கிறார்.

எந்த முரண் எவ்வளவு பெரியது

முதலில் கண்ணில் படுவது பெயர் முரண். கடல் நீர் எங்கே எடுத்தாலும் முக்கிய உப்புகளின் விகிதம் மாறாது என்ற விதியைக் கண்டது யார் என்பதற்கு மூன்று ஸ்லைடிலும் மூன்று பெயர். ஒன்றில் 1819இல் மார்செட், ஒன்றில் 1865இல் ஃபோர்ச்ஹாமர், ஒன்றில் 1884இல் டிட்மார். விடுதியில் இதற்கு ஒரு ராத்திரி சண்டையே நடந்தது. உண்மையில் மூவரும் ஒரே கதையின் மூன்று கட்டம். மார்செட் சில மாதிரிகளை வைத்துச் சொன்னார். ஃபோர்ச்ஹாமர் இன்னும் நிறைய மாதிரிகளில் பார்த்தார். சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 மாதிரிகளை அலசி டிட்மார் உறுதிப்படுத்தினார். இதை ஒரே வாக்கியமாக எழுதிவிட்டால் முடிந்தது. இதற்கு மேல் இதில் நேரம் போடக்கூடாது.

அடுத்தது சூத்திர முரண். வேதியியல் சாரின் ஸ்லைடில் 1902இல் வந்த க்னுட்சன் சூத்திரம் இருக்கிறது. இயற்பியல் சாரின் ஸ்லைடில் 1960களில் அதற்குப் பதிலாக வந்தது இருக்கிறது.

```
S = 0.030 + 1.8050 × Cl
S = 1.80655 × Cl
```

எதைப் படிப்பது என்று ஜூனியர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. வாதம் பண்ணுவதற்கு முன்னால் இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டுப் பார்த்தாலே பாதி தெளிந்துவிடும். குளோரினிட்டி 19.374 என்றால் இரண்டும் 35.00 தருகின்றன. 10 என்றால் பழையது 18.08, புதியது 18.07. 5க்கு இறங்கினால் 9.06, 9.03. வித்தியாசம் 0.02 அளவுதான். மாணவர் லேபில் பியூரெட்டை வைத்துப் பிடிக்கவே முடியாத அளவு. அந்த 0.030 எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியம். க்னுட்சன் குழு அளந்தது வெறும் ஒன்பது மாதிரி. அவற்றில் உப்பு குறைந்தவை பால்டிக் கடலிலிருந்து வந்தவை. அந்தக் கடலில் விழும் ஆறுகள் குளோரைடு இல்லாத உப்புகளையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. அதனால்தான் குளோரின் பூஜ்யமாக இருந்தாலும் சூத்திரம் 0.030 உப்பு இருப்பதாகச் சொல்கிறது. பால்டிக்கின் அந்த அடையாளத்தை எல்லாக் கடலுக்கும் பொருத்த வேண்டாம் என்றுதான் பிறகு அதை எடுத்தார்கள். ஆகவே நோட்ஸில் புதியது கணக்குக்கு, பழையது வரலாற்றுக் கேள்விக்கு.

மூன்றாவது 35க்கும் 35.165க்கும் உள்ள முரண். இது இரண்டு வேறு பொருள். 1902 வரையறையில் உப்புத்தன்மை என்பது கரைந்த உப்பின் முழு எடை கிடையாது. கார்பனேட் எல்லாம் ஆக்சைடாக மாறியதாக, புரோமைடும் அயோடைடும் குளோரைடாக மாறியதாக, கரிமப் பொருள் எரிந்துபோனதாக வைத்துக்கொண்டு வரும் எடை அது. இதில் கொஞ்சம் எடை விடுபடும். 1978இல் வந்த செயல்முறை அளவுகோல் அந்தப் பழைய 35ஐ அப்படியே பிடித்துக்கொண்டது. ஒரு கிலோ கரைசலில் 32.4356 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருக்கும்படி கரைசல் தயாரித்து, 15 டிகிரியில் அதே அளவு மின்சாரம் கடத்தும் கடல் நீருக்கு 35 என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு விகிதத்திலிருந்து வருவதால் அலகு கிடையாது. 2010இல் நடைமுறைக்கு வந்த புதிய முறையோ உண்மையாகவே கரைந்திருக்கும் எடையைக் கேட்கிறது. அதே நீருக்கு அது 35.165 கிராம்/கிலோ. எனவே இரண்டுக்கும் இரண்டு குறியீடு வேண்டும். இயற்பியல் சாரின் ஸ்லைடில் இருப்பதுபோல் அலகில்லாத 35க்கு S_P என்றும் 35.165 கிராமுக்கு S_A என்றும் எங்கள் நோட்ஸ் முழுவதும் மாற்றினோம். வெறும் S என்பது குளோரினிலிருந்து கணக்குப் போட்டதற்கு மட்டும்.

இதுவரை சொன்னது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற முரண்கள். இரண்டு ஸ்லைடை அருகருகே வைத்தாலே முட்டிக்கொள்ளும். எனக்கு இப்போது இவை பெரிய கவலை இல்லை. முட்டாமல் ஒட்டிக்கொள்கிற இரண்டு ஸ்லைடுதான் கவலை.

20 மில்லி சில்வர் நைட்ரேட்

நோட்ஸ் ஓரளவு அமைந்ததும், கணக்கு ஒன்று சேர்ப்போம் என்று பாம்பனிலிருந்து வரும் ஜூனியர் தம்பி சொன்னான். "அக்கா, ஸ்லைடுல இருக்க கணக்கு வேணாம். நம்மளே பாட்டில்ல தொடங்கி கடைசி விடை வரைக்கும் போவோம்" என்றான். அதுவரை யாரும் அப்படிப் போனதில்லை. செய்முறை ரெக்கார்டில் குளோரைடு வந்ததும் நிறுத்திவிடுவார்கள். எழுத்துத் தேர்வில் குளோரினிட்டி கொடுத்திருப்பார்கள், அதிலிருந்து உப்புத்தன்மை போட்டால் போதும். நடுவில் இருக்கிற பாலத்தில் யாரும் நடப்பதில்லை.

மேடமின் ஸ்லைடுபடி 10 மில்லி கடல் நீரை பிப்பெட்டில் எடுத்து, பொட்டாசியம் குரோமேட் சில துளி விட்டு, சில்வர் நைட்ரேட்டால் டைட்ரேட் செய்ய வேண்டும். வெள்ளை வீழ்படிவு வந்துகொண்டே இருக்கும். குளோரைடு தீர்ந்ததும் செங்கல் நிறம் நிலைக்கும், அங்கே நிறுத்த வேண்டும். சில்வர் நைட்ரேட்டின் செறிவு 0.28 மோலார், பியூரெட்டில் 20.0 மில்லி போனது என்று வைத்துக்கொண்டோம். 20.0 மில்லியை 0.28ஆல் பெருக்கினால் 5.6 மில்லிமோல் குளோரைடு. அதை 35.45ஆல் பெருக்கினால் 198.5 மில்லிகிராம். இது 10 மில்லியில் இருப்பது, ஆக லிட்டருக்கு 19.85 கிராம். மேடமின் கடைசி ஸ்லைடில் விடை இப்படித்தான் முடியும்: "குளோரைடு = 19.85 கிராம்/லிட்டர்".

அடுத்த பக்கத்தில் வேதியியல் சாரின் ஸ்லைடு தயாராகக் காத்திருக்கிறது. Cl என்ற எழுத்துக்கு எண் போடு, 1.80655ஆல் பெருக்கு. போட்டோம். 35.86 வந்தது.

அதே நீருக்கு ஸ்லைடுகளிலிருந்து பின்னோக்கி வந்தால் 35க்குப் பக்கத்தில்தான் வர வேண்டும். 19.85ஐக் கணக்குக்கு நான் எடுத்ததே அதற்காகத்தான். கிட்டத்தட்ட 0.86 கூடுதல். மண்டபத்துத் தெற்குப் பக்கத்து நீருக்கு வெயில் காலத்தில் 35.86 என்பது நம்ப முடியாத எண்ணும் இல்லை, அதுதான் ஆபத்து. விடை 50 என்று வந்திருந்தால் யாரும் நின்று பார்த்திருப்பார்கள். இது பார்க்க நல்ல விடை மாதிரி இருக்கிறது. பழைய ஜெராக்ஸ் கட்டுகளை எடுத்துப் பார்த்தால் அவற்றிலும் இந்த இரண்டு ஸ்லைடும் இதே வரிசையில்தான் ஒட்டியிருந்தன.

விஷயம் இதுதான். பிப்பெட் அளப்பது கொள்ளளவு. டைட்ரேஷன் தருவது ஒரு லிட்டர் நீரில் உள்ள குளோரின். சூத்திரம் கேட்பதோ ஒரு கிலோ நீரில் உள்ள குளோரின். கடல் நீர் ஒரு லிட்டர் ஒரு கிலோவை விடக் கனம், 20 டிகிரியில் 35 உப்புள்ள நீர் லிட்டருக்கு 1.0248 கிலோ. 19.85ஐ அதனால் வகுத்தால் 19.37. அதை 1.80655ஆல் பெருக்கினால் 34.99. விட்டுப்போனது இந்த ஒரே வகுத்தல்தான். லிட்டர் கணக்குக்கு குளோரோசிட்டி என்று தனிப் பெயரே உண்டு. எங்கள் மூன்று ஸ்லைடிலும் அந்தப் பெயர் வரவில்லை. இரண்டையும் Cl என்றே எழுதியிருந்தார்கள்.

அடர்த்தியைத் தெரிந்துகொள்ள உப்புத்தன்மை தெரிய வேண்டும், உப்புத்தன்மைக்கு அடர்த்தி தெரிய வேண்டும் என்று தம்பி மடக்கினான். நியாயமான கேள்வி. முதலில் தோராயமாக 35 என்று வைத்து அடர்த்தியை எடுத்து, வந்த விடையை வைத்து அட்டவணையில் ஒரு முறை திருத்தினால் போதும், எண் நின்றுவிடும். வெப்பநிலையும் கொஞ்சம் தொந்தரவு தரும். எங்கள் லேபில் நீர் 30 டிகிரியில் இருக்கும்போது பிப்பெட் செய்தால் அடர்த்தி 1.0217, அதற்கு விடை 35.10. அந்த 0.1ஐயும் தவிர்க்க வேண்டுமானால் நீரின் வெப்பநிலையைக் குறித்தே ஆக வேண்டும். 0.02 வித்தியாசமுள்ள சூத்திரத்துக்கு ராத்திரி முழுக்க சண்டை போட்டவர்கள் 0.86ஐப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. முரண்களை அவற்றின் அளவு பார்த்து வரிசைப்படுத்தாமல் நோட்ஸ் சேர்த்தால் இப்படித்தான் ஆகும்.

சொன்னது, ஸ்லைடில் இல்லாதது

மறுநாள் மேடமிடம் போனோம். கணக்கைப் பார்த்ததும் உடனே பிடித்துவிட்டார். "அடர்த்தியால வகுக்கணும்னு முதல் வகுப்புலயே சொல்லியிருக்கேனே. பலகைல எழுதினேன், ஸ்லைடுல போடல" என்றார். வேதியியல் சாரிடம் கேட்டபோது அவர் பதிலும் கிட்டத்தட்ட அதேதான். Cl என்றால் கிலோவுக்குத்தான் என்று அவர் வாயால் சொல்வார், அவர் நடத்தும் பாடத்தில் லிட்டர் என்ற பேச்சே வராது. இரண்டு பேரும் சரியாகத்தான் நடத்தியிருக்கிறார்கள். இணைக்கிற வாக்கியம் வகுப்பில் காற்றில் போய்விட்டது, ஸ்லைடு மட்டும் கைக்குக் கை வந்தது.

அதற்கப்புறம் நோட்ஸின் வடிவத்தையே மாற்றினோம். ஸ்லைடு வரிசையை விட்டுவிட்டோம், எந்த ஆசிரியரின் வரிசையையும் பின்பற்றவில்லை. கடலில் பாட்டிலை முக்கி எடுக்கிற இடத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியிலும் கையில் என்ன எண் இருக்கிறது, அது எதற்கு எவ்வளவு (லிட்டருக்கா, கிலோவுக்கா, விகிதமா), எந்த வெப்பநிலையில் என்று எழுதினோம். ஒரு படியின் வெளியீட்டு அலகும் அடுத்த படி கேட்கிற அலகும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் இரண்டையும் ஒட்டலாம். இல்லாவிட்டால் நடுவில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது, அதைத் தேட வேண்டும். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் எந்த ஆசிரியர், எத்தனையாவது ஸ்லைடு என்று குறித்தோம். மூவரின் ஸ்லைடிலும் இல்லாமல் நாங்கள் சேர்த்த வரிக்கு நட்சத்திரக் குறி போட்டு, யாரிடம் கேட்டு உறுதி செய்தோம் என்பதையும் எழுதினோம். அடர்த்தி வரி அப்படி நட்சத்திரம் வாங்கிய முதல் வரி.

ரிஃப்ராக்டோமீட்டர் பக்கமும் இந்தச் சோதனையில் சிக்கியது. இறால் பண்ணையில் எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிற கருவி அது. ஒரு துளி விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கோடு தெரியும். மேடமின் ஸ்லைடில் "ஆயிரத்தில் இத்தனை பங்கு, நேரடியாகப் படிக்கலாம்" என்று மட்டும் இருந்தது. எதில் இத்தனை பங்கு என்று கேட்டபோது ஒரு விஷயம் வெளிவந்தது. சில கருவிகளின் அளவுகோல் கடல் நீருக்குக் குறித்தது, சிலவற்றின் அளவுகோல் வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்குக் குறித்தது. 35 உப்புள்ள கடல் நீரும் ஏறக்குறைய 36.5 உள்ள சோடியம் குளோரைடு கரைசலும் ஒளியை ஒரே அளவில்தான் வளைக்கின்றன. ஆகவே இரண்டாவது வகைக் கருவி நம் கடல் நீரைச் சுமார் ஒன்றரை கூட்டிக் காட்டும். வாலை வடிநீரில் பூஜ்யம் சரிபார்த்தால் இது பிடிபடாது, இரண்டு கருவியும் பூஜ்யத்தில் ஒத்துப்போகும். உப்புத்தன்மை தெரிந்த கடல் நீரில் பார்த்தால்தான் தெரியும். பண்ணைக்கு ஒன்று கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. ஆனால் டைட்ரேஷன் விடையையும் ரிஃப்ராக்டோமீட்டர் விடையையும் ஒரே அட்டவணையில் ஒரே தசமத்தோடு எழுதக்கூடாது. எங்கள் அட்டவணையில் ரிஃப்ராக்டோமீட்டர் எண்ணுக்குத் தசமம் கிடையாது.

உப்பளத்துப் பக்கம்

கடைசியாகத் தீர்த்தது உப்பளம். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துக்குக் களப்பயணம் போகிற பாடம் என்பதால் ஸ்லைடுகளில் உப்பு நீரும் வருகிறது. ஒருவர் பாத்தி நீருக்கு "120 பி.எஸ்.யு." என்று போட்டிருந்தார். 1978 அளவுகோல் 2 முதல் 42 வரைக்கும்தான் வரையறுக்கப்பட்டது. அதற்கு மேல் அந்தப் பெயரில் எண் எழுதுவதற்கே அர்த்தம் இல்லை. உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் யாரும் அந்த அலகில் பேசுவதும் இல்லை. நீரில் மிதவையை விட்டு அடர்த்தியைப் போமே டிகிரியில் பார்க்கிறார்கள். கடல் நீர் 3, 3.5 டிகிரியில் உள்ளே வரும், 25 டிகிரிக்குப் பக்கம் உப்பு விழத் தொடங்கும், 29, 30 வந்தால் கசப்பு நீரைத் திறந்துவிடுவார்கள்.

பாத்தி நீரைப் பலமடங்கு நீர்க்கச் செய்து, டைட்ரேட் பண்ணி, 1.80655ஆல் பெருக்கினால் என்ன என்று தம்பி கேட்டான். குளோரைடு சரியாக வரும், பெருக்கியது தப்பாக வரும். அந்த எண் உப்புகளின் விகிதம் மாறாது என்ற விதியின் மேல் நிற்கிறது. பாத்தியில் நீர் வற்றும்போது முதலில் கால்சியம் கார்பனேட் விழுகிறது, பிறகு ஜிப்சம் விழுகிறது. அதற்குப் பிறகு இருப்பது கடல் நீரின் விகிதத்தில் இல்லை. சோடியம் குளோரைடே விழத் தொடங்கியதும் மிச்ச நீரில் மக்னீசியம் ஏறிக்கொண்டே போகும். மழைக் காலத்தில் ஆற்றங்கரை என்ற ஊரில் வைகை கடலில் சேருகிற இடத்து நீருக்கும் கொஞ்சம் இதே எச்சரிக்கை உண்டு. ஆற்று நீரின் உப்பு கடல் உப்பின் விகிதத்தில் இருக்காது. நீர் எவ்வளவு நன்னீராகிறதோ அவ்வளவுக்கு அந்தப் பெருக்கல் தளரும்.

வேதியியல் சாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினோம். விகித விதி பற்றிய தன் ஸ்லைடை எடுத்துப் பார்த்துவிட்டு, "எங்க செல்லாதுன்னு நான் போடவே இல்லையே, அத உங்க நோட்ஸ்லேயே எழுதிடுங்க" என்றார். எழுதினோம். உப்பள நீருக்கு எங்கள் பக்கத்தில் இப்போது உப்புத்தன்மை என்ற சொல்லே கிடையாது. மிதவை காட்டிய டிகிரி, வெப்பநிலை, நீர்க்கச் செய்து அளந்த குளோரைடு என்று மூன்று எண்கள் மட்டும் தனித்தனியாக இருக்கின்றன. தேர்வில் "பாத்தி நீரின் உப்புத்தன்மை காண்க" என்று வந்தால் என்ன செய்வது என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். குளோரைடு வரைக்கும் கணக்கைப் போட்டு, அதற்கு மேல் ஏன் போகக்கூடாது என்று இரண்டு வரி எழுதச் சொல்லியிருக்கிறோம். அப்படி எழுதினால் மதிப்பெண் தருவதாக சாரும் மேடமும் ஒத்துக்கொண்டார்கள். இயற்பியல் சாரிடம் இன்னும் கேட்கவில்லை. அவர் கப்பலில் போயிருக்கிறார், வந்ததும் முதல் வேலை அதுதான்.